ரெண்டு வேளை தண்ணி கேக்குற தொட்டி

வாழ்க்கை பூரா கூட்டத்துக்கு நடுவுல நின்னவன் நான். பஸ் கண்டக்டர். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு"ன்னு தொண்டை கிழியக் கத்தியே தலை நரைச்சவன். இப்ப என் வீட்ல நடுவுலயும் எடம் இருக்கு, ஓரத்துலயும் எடம் இருக்கு, ஏறத்தான் ஆள் இல்லை.

வீட்டுக்காரி போய்ச் சேர்ந்துட்டா. ஒரே மக, கட்டிக் குடுத்து வேற ஊர்ல இருக்கா. ஒரு ஃபேக்டரியில செஞ்சு முடிச்ச சாமான் சரியா இருக்கான்னு சோதிச்சுப் பாக்குற வேலை அவளுக்கு. பெத்த அப்பனையும் அப்படித்தான் பாப்பா. ராத்திரி போன் பண்ணி, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா. நான் ஆமாங்கறதுக்குள்ள அங்க கொழந்தை அழும், வெச்சுடுவா. கடைக்காரன்கிட்ட "பால் ஒண்ணு" அப்படிம்பேன். அதோட அன்னைக்கு நான் பேசுற பேச்சு தீர்ந்துடும். டிவியில செய்தி வாசிக்கிறவங்ககிட்ட பதில் பேச ஆரம்பிச்சப்பதான் எனக்கே பயம் வந்துச்சு, ஆள் ஒரு மாதிரி ஆகிட்டு வர்றோமோன்னு.

அப்புறந்தான் மொட்டை மாடிக்கு ஏற ஆரம்பிச்சேன். வீட்டுக்காரி பழைய பெயிண்ட் பக்கெட்ல வெச்ச செடிங்க ரெண்டு மூணு அங்க உசுரக் கையில புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. அதுக்குத் தண்ணி ஊத்தப் போன எடத்துலதான் தையல்காரம்மாவைப் பாத்தேன்.

எங்க வீடும் அவங்க வீடும் முதுகோட முதுகு ஒட்டின மாதிரி இருக்கும். நடுவுல ஒரு ஆள் ஒருக்களிச்சுப் போற சந்து. மாடியில நின்னா கையை நீட்டித் தொட்டுடலாம் போலத் தெரியும். ஆனா அவங்க வாசல் அடுத்த தெருவுல. ரோட்டு வழியா போகணும்னா தெருக்கோடி வரைக்கும் போய்ச் சுத்திக்கிட்டு வரணும். அவங்களும் தனிக்கட்டைதான். பையன் எங்கயோ கடல் தாண்டி வேலை பாக்குறான். பகல் பூரா கீழ மெஷின் கடகடன்னு ஓடும். சாயங்காலம் வெயில் எறங்கினதும் மெஷின் நிக்கும். அது நின்னா என் காது தானா நிமிரும். கொஞ்ச நேரத்துல அவங்க தலை கைப்பிடிச் சுவருக்கு மேல தெரியும். இடுப்பை நிமித்தி ஒரு சோம்பல் முறிச்சுட்டு, குவளையில தண்ணி மொண்டு, குனிஞ்சு குனிஞ்சு ஊத்துவாங்க.

அவங்க வெச்சிருந்ததெல்லாம் மண் தொட்டி. எல்லாத்துலயும் மிளகாய்ச் செடி. அதைச் சுவரோட அடியில, அவங்க பக்கத்துல வரிசையா வெச்சிருந்தாங்க. சுவர் நிழல்ல இருந்தா மண் சீக்கிரம் காயாதாம். அதனால எனக்குச் செடி தெரியாது, ஆள் மட்டும்தான் தெரியும். எனக்கென்ன, அது போதும்.

நான் இந்தப் பக்கம் ஊத்துவேன், அவங்க அந்தப் பக்கம் ஊத்துவாங்க. பேச்சு போகும். என்ன பெரிய பேச்சு? காலர் வெக்கத் தெரியாதவன்லாம் கடை தொறந்துட்டான்னு அவங்க திட்டுவாங்க. சில்லறை இல்லாம ஏறினவங்களை நான் திட்டுவேன். மழையைத் திட்டுவோம், வெயிலைத் திட்டுவோம். தண்ணி தீந்ததும் "சரி சார்"ம்பாங்க. "சரிம்மா"ம்பேன். எறங்கிடுவோம். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் காலையில எந்திரிக்கிறேன்னு எனக்கே தெரிய நாளாச்சு. தெரிஞ்சப்புறம் வெக்கமாவும் இருந்துச்சு. இந்த வயசுல என்னய்யா இதுன்னு கண்ணாடியப் பாத்து என்னையே கேட்டுக்கிட்டேன்.

இப்படி நல்லாப் போயிட்டிருந்த வண்டியைப் பஞ்சராக்கினது என் வாய்தான்.

வெயில் காலம் தொடங்கி ஒரு மத்தியானம், பக்கெட்ல இருந்த செடியெல்லாம் தலை தொங்கிப் போச்சேன்னு பதறி, செருப்புக்கூட இல்லாம மாடிக்கு ஓடினேன். தரை கொதிக்குது. பாதி ஊத்தறதுக்குள்ள கண்ணு இருட்டிக்கிட்டு வந்துடுச்சு. தண்ணித் தொட்டி நிழல்ல போய் விழுந்தேன், கொஞ்ச நேரம் கெடந்தேன், எந்திரிச்சு வந்துட்டேன். யாரும் பாக்கலை. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் இல்லை? ராத்திரி மக போன் பண்ணினப்ப, சிரிக்க வைக்கிறேன்னு அதைக் கதையாச் சொல்லித் தொலைச்சேன். அவ சிரிக்கலை.

அப்புறம் தீர்ப்பு சொல்ற மாதிரி சொன்னா. வெயில் முடியறதுக்குள்ள, ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி விட்டாப் போதுங்கற மாதிரி ஏற்பாடு பண்ணணும். முடியலைன்னா தோட்டத்தை எடுத்துட்டு, வீட்டைப் பூட்டிட்டு அவளோட வந்துடணும். அவ வீடு எனக்குத் தெரியும். எட்டாவது மாடி. சன்னலைத் தொறந்தா எதிர்த்த வீட்டுச் சன்னல், அதுவும் சாத்தியிருக்கும்.

அதோட விட்டாளா? சோதனை பண்ணிப் பாத்துடலாம்னுட்டா. க்ரோ பேக்னு செடி வெக்கிற பிளாஸ்டிக் பை ஒண்ணு, மண் தொட்டி ஒண்ணு, சிமெண்ட் தொட்டி ஒண்ணு. மூணுலயும் ஒரே அளவு மண்ணு, ஒரே தட்டுல மொளைச்ச கத்தரி நாத்து. மண்ணுக்குள்ள வெரலை விட்டுப் பாக்கணும், ரெண்டு கணு ஆழத்துக்குக் காஞ்சிருந்தாத்தான் தண்ணி. தெனமும் போட்டோ அனுப்பணும். எது கம்மியாத் தண்ணி கேட்டும் செழிப்பா நிக்குதோ அதுதான் மாடி பூரா. சரிம்மான்னேன். போனை வெச்சப்புறந்தான் யோசிச்சேன். ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி விட்டாப் போதும்னா, மத்த நாள் சாயங்காலம் நான் என்ன சொல்லிக்கிட்டு மாடிக்கு ஏறுவேன்?

சும்மா ஏறினா என்னங்கறீங்களா? சும்மா எப்படிங்க ஏறுறது? ஒரு பொம்பளை தன் மாடியில தன் வேலையைப் பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் வெறுங்கையோட போய்ச் சுவரைப் புடிச்சுக்கிட்டு நின்னா அதுக்குப் பேரு வேற. கையில பூவாளி இருந்தா நான் தோட்டக்காரன். இல்லைன்னா யாரு?

ஆகக்கூடி மண் தொட்டி ஜெயிச்சாகணும். மண் தொட்டி காலையில ஒரு வேளை, சாயங்காலம் ஒரு வேளை தண்ணி கேக்கும். தொட்டியோட ஒடம்பு பூரா பொடிப் பொடியா ஓட்டை. தண்ணி அது வழியா கசிஞ்சு ஆவியாப் போயிட்டே இருக்கும். அதனாலதான் வேரு குளுகுளுன்னு இருக்கு, அதனாலதான் மண்ணும் சீக்கிரம் காயுது. ரெண்டு வேளையும் வெயில் இல்லாத வேளைம்மா, மயக்கம் எங்கேர்ந்து வரும்னு மககிட்ட வாதாடிடலாம். செடி மட்டும் அதுல அழகா நின்னாப் போதும்.

க்ரோ பேக் பார்சல்ல வந்துச்சு. மண் தொட்டியை மார்க்கெட் ஓரத்துல வாங்கினேன். சிமெண்ட் தொட்டி, ரோட்டோரத்துல வார்த்து விக்கிற கொத்தனார்கிட்ட. ரெண்டு பேரு தூக்கிட்டு வந்து மாடியில வெச்சுட்டுப் போனாங்க, ஒருத்தர் இடுப்பைப் புடிச்சுக்கிட்டே எறங்கினார். கொத்தனார் ரெண்டு விஷயம் சொல்லியனுப்பினார். கனம் ஜாஸ்தி, நட்ட நடுவுல வெக்காதீங்க, கீழ சுவர் ஓடுற எடமாப் பாத்து செங்கல் மேல வைங்க. இன்னொண்ணு, புதுத் தொட்டி, அடி ஓட்டையை அடைச்சுத் தண்ணி ரொப்பி, தெனம் மாத்தி மாத்தி ஒரு வாரம் பத்து நாள் ஊறப் போடுங்க, சுண்ணாம்புக் காரம் எறங்கட்டும். மொதல் விஷயத்தைக் கேட்டேன். ரெண்டாவது இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டேன். வேணும்னேதான். எப்படி என் தந்திரம்?

க்ரோ பேக்கை மேற்குச் சுவர் மூலையில வெச்சேன். மத்தியானத்துக்கு மேல அங்க வெயில் நேராவும் அடிக்கும், சுவர்ல பட்டுத் திரும்பியும் அடிக்கும். மண் தொட்டியைத் தண்ணித் தொட்டி பக்கத்துல வெச்சேன், மத்தியானமே நிழல் வந்துடும். சாட்சி செட்டப் பண்ணியாச்சு, இனி கேஸு நமக்குத்தான்னு கையைத் தட்டிக்கிட்டேன்.

நெனைச்ச மாதிரியே நடந்துச்சு. க்ரோ பேக்ல நாத்து காலையில ராஜா மாதிரி நிக்கும். மத்தியானம் தலை தொங்கிடும். பேக்கோட வெயில் பக்கத்துல கையை வெச்சா சுரீர்னு இருக்கும். மெல்லிசுத் தோலு, சூடு நேரா மண்ணுக்குள்ள எறங்கிடும். சிமெண்ட் தொட்டியில ஈரம் நின்னுச்சு, ஆனா செடி வளரலை. புதுசா வந்த எலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மண் தொட்டிச் செடி மட்டும் கருகருன்னு தழைச்சுச்சு. போட்டோ மேல போட்டோவா அனுப்பினேன்.

வெயில் உச்சத்துல இருந்தப்ப தையல்காரம்மா ரெண்டு நாள் சேந்தாப்ல மாடிப் பக்கமே வரலை. பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் வந்திருந்துச்சு, கீழ மெஷின் நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சு. அந்த ரெண்டு நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரே செடிக்கு நாலு தடவை ஊத்தினேன். மூணாம் நாள் வந்தப்ப, அப்படி என்ன சீருடை, செடி காஞ்சு போயிருக்குமேன்னு சிடுசிடுன்னு விழுந்தேன். அவங்க சுவருக்கு அந்தப் பக்கம் குனிஞ்சு கொஞ்ச நேரம் பாத்தாங்க. அப்புறம் நிமிந்து, இல்லை சார், நல்லாத்தான் இருக்குன்னாங்க. குவளையில தண்ணி மொண்டு வழக்கம்போல ஊத்தினாங்க.

அடுத்த வாரமே துணிக்கொடிக் குச்சி நுனியில ஒரு பையைக் கட்டி நீட்டினாங்க. எடுத்துப் பாத்தா பச்சை மிளகாய். செடியில காய்ச்சதுன்னாங்க. கையில வாங்கினேன் பாருங்க, ஜில்லுன்னு இருந்துச்சு. தரையில கால் வைக்க முடியாத வெயில் அடிச்சு ஓஞ்ச நேரம், காய் ஜில்லுன்னு இருக்குது. அசந்து போயிட்டேன். மண் தொட்டியோட மகிமை இதுதான்யான்னு, அன்னைக்கு ராத்திரி மககிட்ட விட்டேன் ஒரு பிரசங்கம். வேர்ல இருக்குற குளிர்ச்சி காய் வரைக்கும் ஏறுது, இதுக்கு மேல உனக்கு என்ன சோதனை வேணும்னேன். அந்தப் பக்கம் மக கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்படியாப்பா"ன்னா. அவ்வளவுதான். ஒத்துக்கிட்டான்னு நெனைச்சேன்.

ஒரு வழியா முடிஞ்சுதுன்னு இருக்கறப்ப தையல்காரம்மாவே கையை வெச்சாங்க. சிமெண்ட் தொட்டியில இருந்த மஞ்சள் எலை அவங்க பக்கத்துலேர்ந்து தெரியும்.

"புதுத் தொட்டியா சார்? ஊறப் போட்டீங்களா?"

போட்டேனேன்னு சொன்னேன். அவங்க என்னையே பாத்தாங்க. துணி அளவு தப்பாச் சொல்றவங்களை அப்படித்தான் பாப்பாங்க போல. அந்தச் செடி உங்களை என்ன சார் பண்ணுச்சுன்னு கேட்டாங்க. கோவமா இல்லை, சாதாரணமாத்தான். எனக்குச் சுருக்குன்னு தைச்சுடுச்சு. மறுநாள் செடியை மண்ணோட பேத்து ஒரு பக்கெட்ல வெச்சேன். தொட்டியைத் தண்ணி ரொப்பி, கொட்டி, மறுபடி ரொப்பி, கொத்தனார் சொன்ன கணக்குக்கு ஊறப் போட்டேன். மண்ணையும் மாத்தி, எரு கலந்து செடியைத் திரும்ப வெச்சேன். கொஞ்ச நாள்ல புது எலை பச்சையா வந்துச்சு. நாம வேண்டாம்னு ஒதுக்கினது நம்மளைப் பாத்துச் சிரிக்கிற மாதிரி இருந்துச்சு, ஆனா சந்தோஷமாவும் இருந்துச்சு. என்ன ஜென்மமோ நான்.

மகளும் சும்மா இல்லை. சாமான் சோதிக்கிறவ ஆச்சே. எல்லாப் போட்டோவையும் வரிசையா வெச்சுப் பாத்திருக்கா. "ஏன்ப்பா, மண் தொட்டி மேல மட்டும் எப்பவும் நிழல் விழுது? க்ரோ பேக் மேல விழவே மாட்டேங்குது?" மாட்டிக்கிட்டேன். டிக்கெட் எடுக்காத ஆள் செக்கிங்ல மாட்டின மாதிரி முழிச்சேன். மூணையும் ஒரே எடத்துல, ஒரே வெயில்ல, பக்கத்துல பக்கத்துல வைங்கன்னுட்டா. வெச்சேன்.

அப்புறம் என்ன, நேர்மையா நடந்தா இப்படித்தான் ஆகும். க்ரோ பேக் தெனமும் தண்ணி கேட்டுச்சு, உச்சி வெயில்ல அப்பவும் வாடுச்சு. தூக்கி எடம் மாத்த லேசு, வெலை கம்மி, அது மட்டும்தான் லாபம். வெயில் தின்னு தின்னு ஓரமெல்லாம் இப்பவே நூல் நூலாப் பிரியுது. மண் தொட்டிச் செடி வாடலை, ஆனா ரெண்டு வேளையும் தண்ணி. ஒரு வேளை தப்பினா மறுநாள் காலையில எலை சோந்து நிக்கும். தொட்டிக்கு வெளியில உப்பு வேற வெள்ளையாப் பூத்துடுச்சு. சிமெண்ட் தொட்டி கெத்தா நின்னுச்சு. தடிச்ச சுவரு, சூடு உள்ள போய்ச் சேரவே சாயங்காலம் ஆகிடும். மண்ணு மேல காஞ்ச எலையைப் பரப்பினேன், ரெண்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி விட்டாப் போதும்னு ஆகிடுச்சு. காயும் அதுலதான் மொதல்ல.

மகளுக்கு ஒரே குஷி. அப்பா, நீங்க அங்கேயே இருக்கலாம்னுட்டா. பணம் அனுப்பினா. கொத்தனார் இன்னும் சில தொட்டி வார்த்துக் கொண்டாந்து, சுவர் ஓரமாவே சுத்தி வெச்சுக் குடுத்தார். இந்தத் தடவை எல்லாத்தையும் ஒழுங்கா ஊறப் போட்டேன். செடி வெச்சேன், எலை பரப்பினேன். "இனி சாயங்காலம் மாடி ஏற வேண்டாம்ப்பா, ரெஸ்ட் எடுங்க"ன்னா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா காலையில ஏறி ஊத்திட்டு எறங்கினா வேலை முடிஞ்சுது. வீடு என்கிட்டயே இருக்கு. தோட்டம் பிரமாதமா இருக்கு. நான் கேட்டது எல்லாம் கெடைச்சுது, ஒண்ணு தவிர.

மொதல் சாயங்காலம் கீழேயே உக்காந்திருந்தேன். மெஷின் நின்னுச்சு. மேல குவளை டங்குன்னு சுவர்ல இடிக்கிற சத்தம் கேட்டுச்சு. டிவியைச் சத்தமா வெச்சேன். ரெண்டாம் சாயங்காலம் என்னால முடியலை. பூவாளியைத் தூக்கிக்கிட்டு ஏறிட்டேன். தண்ணி ஊத்தினா செடி அழுகிடும், வேரு மூச்சு விட முடியாது. அதனால வெறும் பூவாளி. ஒவ்வொரு தொட்டி மேலயும் வெறும் பூவாளியைச் சாய்ச்சுச் சாய்ச்சு நிமித்தினேன். அவங்க அந்தப் பக்கம் குனிஞ்சு ஊத்தினாங்க. காலர், சில்லறை, வெயில், எல்லாப் பேச்சும் வந்துச்சு. தெனமும் இப்படித்தான். யாராவது பாத்தா சிரிப்பாங்க. சிரிக்கட்டும்.

அப்புறம் ஒரு நாள் மெஷின் சத்தமே கேக்கலை. சாயங்காலம் பூவாளியோட ஏறி நின்னேன். தலை தெரியலை. ஆர்டர் எதுவும் இல்லையோ, துணி எடுக்கப் போயிருக்காங்களோன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். மறுநாளும் மெஷின் ஓடலை, அவங்களும் வரலை. இருட்டுற வரைக்கும் நின்னேன். சிமெண்ட் தொட்டி மேல கையை வெச்சேன், பகல் பூரா வாங்கின வெயிலை விடாம வெச்சுக்கிட்டு இன்னும் சூடா இருந்துச்சு. ஆள் உக்காந்து எந்திரிச்ச நாக்காலி மாதிரி ஒரு சூடு. எனக்கு அழுகை வந்துடுச்சு. ஆமா, அழுதேன். தொண்டையைக் கிழிச்சுக்கிட்டு ஊரையே ஏத்தி எறக்கினவன், ஒரு பொம்பளையை அவங்க வீட்டு வாசல்ல நின்னு கூப்பிட வக்கில்லாம மாடியில நின்னு அழுதேன்.

மறுநாள் காலையில சட்டையை மாத்திக்கிட்டுக் கெளம்பினேன். தெருக்கோடிக்குப் போய்ச் சுத்தி, அடுத்த தெருவுல விசாரிச்சு, அவங்க வாசலைக் கண்டுபுடிச்சேன். இத்தனை நாள் அவங்க முதுகுச் சுவரை மட்டும் பாத்தவன், வாசலை அன்னைக்குத்தான் பாத்தேன். கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. உள்ளேர்ந்து யாருன்னு குரல் வந்துச்சு.

"நான்தான். கண்டக்டர்."

உள்ள வாங்கன்னாங்க. மெஷின் பக்கத்துல கட்டில்ல உக்காந்திருந்தாங்க, கணுக்கால்ல மாவுக்கட்டு. மாடிப்படியில எறங்கறப்ப கால் பெரண்டுடுச்சாம். ரெண்டு மாசத்துக்கு மாடி ஏறக் கூடாது, மெஷின் மிதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். பக்கத்து வீட்டுக்காரங்க சாப்பாடு குடுத்துட்டுப் போறாங்களாம். இதையெல்லாம் யாருக்கோ நடந்த மாதிரி சொன்னாங்க. நான் நின்னுக்கிட்டே இருந்தேன். மாடியில அவ்வளவு வாய் பேசுற எனக்கு, நாலு சுவருக்குள்ள நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. அவங்களும் தரையையே பாத்தாங்க. கையில ஒரு வேலை இல்லாம நாங்க ரெண்டு பேரும் பேசினதே இல்லைங்கறது அப்பத்தான் ஒறைச்சுது.

கடைசியில அவங்கதான் கேட்டாங்க.

"வந்தது வந்துட்டீங்க. மேல தொட்டிக்குக் கொஞ்சம் தண்ணி ஊத்திட்டு வர்றீங்களா?"

கேட்டுட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அதுக்கென்ன, இதோன்னு எனக்கு ஒரே சந்தோஷம். கையில வேலை வந்துடுச்சு இல்லை? ரெண்டு ரெண்டு படியா ஏறினேன், வயசை மறந்து.

மாடியில சுவரோட அடியில மண் தொட்டிங்க வரிசையா இருந்துச்சு. அவங்க குவளை ஒரு ஓரமா கவுத்து வெச்சிருந்துச்சு. மொத தொட்டியைப் பாத்தேன். செடி இல்லை. காஞ்ச குச்சி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அடுத்ததுல அதுவும் இல்லை, வெறும் மண்ணு. வரிசை பூரா நடந்து பாத்தேன். ஒரு தொட்டியில ஒரு பச்சை எலை கெடையாது. நேத்து முந்தாநாள் காஞ்சதில்லை, குச்சியைத் தொட்டா பொடியாப் போகுது. ஆனா மண்ணு மேல தண்ணி விழுந்து விழுந்து வழவழன்னு எறுகியிருந்துச்சு, தொட்டி வெளியில உப்பு கனமாப் பூத்திருந்துச்சு. தெனமும் ரெண்டு வேளை தண்ணி குடிச்ச தொட்டிக்குத்தான் அப்படிப் பூக்கும்.

எனக்கு எல்லாம் வரிசையா ஞாபகம் வந்துச்சு. சீருடை ஆர்டர். வராம இருந்த அந்த ரெண்டு நாள். உச்சி வெயில் காலத்துல மண் தொட்டி ரெண்டு நாள் தாங்குமா? அப்பவே எல்லாம் போயிருக்கு. அன்னைக்கு இதையெல்லாம் குனிஞ்சு பாத்துட்டுத்தான், நிமிந்து நல்லாத்தான் இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கடுத்த வாரந்தான் அந்த மிளகாய். ஜில்லுன்னு இருந்துச்சே, அடப்பாவி மனுஷா, அது மண் தொட்டி மகிமையா? ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்துட்டு வந்த மிளகாய். கடையில வாங்கி, ஃப்ரிட்ஜ்ல வெச்சு, பையில கட்டி நீட்டியிருக்காங்க. அதை வெச்சு நான் மககிட்ட பிரசங்கம் பண்ணியிருக்கேன். அவ "அப்படியாப்பா"ன்னதுக்கு அர்த்தம் இப்பத்தான் வெளங்குச்சு.

நிமிந்து எதுத்தாப்ல பாத்தேன். என் மாடி தெரிஞ்சுது. சிமெண்ட் தொட்டிங்க சுத்தி நின்னுச்சு, செடியெல்லாம் தளதளன்னு, யார் தயவும் தேவையில்லைங்கற மாதிரி. நான் பூவாளியைச் சாய்க்கிற எடம் இங்கேர்ந்து பளிச்சுன்னு தெரியுது. தொட்டிக்கு அடியில தரை காஞ்சு கெடக்கறது தெரியுது. பூவாளி மூக்குலேர்ந்து ஒரு சொட்டு விழுந்தா தெரியும், விழலைன்னாலும் தெரியும். அவங்க பாத்துக்கிட்டேதான் இருந்திருக்காங்க. ஒரு வார்த்தை கேக்கலை.

குழாயைத் தொறந்தேன். குவளையில மொண்டு, மொத தொட்டியில ஊத்தினேன். மண்ணு உஸ்ஸுன்னு குடிச்சுது. ரெண்டாவதுல ஊத்தினேன். ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் ஊத்தினேன், அடி ஓட்டையில தண்ணி எட்டிப் பாக்குற வரைக்கும். குவளையைக் கவுத்து வெச்சுட்டு, மொகத்தைத் தொடைச்சுக்கிட்டு எறங்கினேன்.

அவங்க என்னைப் பாக்கலை. மாவுக்கட்டு மேல ஒரு நூலு ஒட்டியிருந்துச்சு, அதை எடுக்கிற மாதிரி குனிஞ்சிருந்தாங்க. காது மட்டும் என் பக்கம் இருந்துச்சு. எப்படி இருக்குன்னு கேட்டாங்க.

"நல்லா இருக்கும்மா," அப்படின்னேன். "மண் தொட்டி பாருங்க. ரெண்டு வேளையும் தண்ணி கேக்கும். ஒரு வேளை விட்டாலும் தாங்காது. சாயங்காலமும் வரணும்."

அவங்க நூலை எடுத்து வெரல்ல சுத்திக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் நிமிந்தாங்க, கண்ணு செவந்திருந்துச்சு.

"சாயங்காலம் கதவைத் தட்ட வேண்டாம் சார்," அப்படின்னாங்க. "தொறந்தே இருக்கும்."